திருமலைராயன் பட்டினத்தில் இல்லாத விதி

கல்லூரி முத்தமிழ் விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கையில் மாணவர் சிலர் எங்கள் இருவரையும் தேடி வந்தனர். பட்டிமன்றம் சலித்துவிட்டதாம், இவ்வாண்டு ஆசிரியர் இருவர் மேடையில் ‘ரோஸ்ட் பேட்டில்’ நடத்த வேண்டுமாம். எங்களில் ஒருவர் தமிழ் கற்பிப்பவர்; மற்றவர் வணிகவியல். பதினெட்டு ஆண்டுகளாக ஒரே தேநீர்க் கடையில் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருப்பவர்கள். கடையில் செய்வதைத்தானே மேடையில் செய்யப்போகிறோம், இதற்கென்ன ஒத்திகை என்று ஒப்புக்கொண்டோம்.

முதல் ஒத்திகை கடற்கரையில், அரசலாறு கடலில் சேரும் இடத்திற்கு அருகே நடந்தது. கால் மணி நேரம் சிரிப்பாகவே போயிற்று. பிறகு ஒருவர், மற்றவரின் முடிவுறாத முனைவர் பட்ட ஆய்வைப் பற்றி ஒரு வரி சொன்னார். நல்ல வரிதான்; சொற்சிக்கனமும் இருந்தது. ஆனால் அந்த ஆய்வு நின்றுபோனது, தந்தை படுக்கையில் கிடந்த நான்கு ஆண்டுகளில். கேட்டவர் பதில் சொல்ல வாயெடுத்தார், சொல் வரவில்லை. இருவரும் கடலைப் பார்த்தபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினோம். சொன்னவர் யார், வாங்கியவர் யார் என்பதை இங்கே எழுதுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் கடையில் சந்தித்தபோது பேச்சு திருமலைராயன் பட்டினத்துக்குப் போயிற்று. காரைக்காலிலிருந்து நாகூர் செல்லும் சாலையில் உள்ள அவ்வூரில்தான் காளமேகப் புலவருக்கும் அதிமதுர கவிராயருக்கும் போட்டி நடந்தது என்பது தனிப்பாடல் மரபு சொல்லும் கதை. கவிராயர் என்று தருக்கியவர்களிடம், கவி என்பதற்குக் குரங்கென்றும் பொருளுண்டே, உங்கள் வால் எங்கே என்று காளமேகம் கேட்டாராம். எதிராளி எதைச் சொல்லிப் பெருமை கொள்கிறானோ அதையே திருப்பிப் பிடிப்பது; வசையின் முதல் இலக்கணம் இதுதான்.

ஆனால் அந்த அரங்கின் அமைப்பைப் பாருங்கள். வந்தவருக்கு ஆசனம் இல்லை. நெருப்பின்மேல் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை, அதற்குமேல் தொங்கும் உறியில் காளமேகம், கழுத்தருகே கத்திகள். வினாத் தொடுத்தவர்களுக்கோ ஒரு கீறலும் நேராது. தீர்ப்புச் சொல்லும் அரசன் அதிமதுர கவியைப் போற்றி வளர்த்தவன். காளமேகம் வென்றார், வெற்றி ஒப்புக்கொள்ளப்படவில்லை, ஊர் மண்மாரியில் அழியச் சாபமிட்டுப் போனார் என்று கதை முடிகிறது. கவிதைக்குக் குறைவில்லாத அரங்கில் விதிக்குக் குறைவிருந்தது. இடம், ஆபத்து, நடுவர் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. எங்கள் கடற்கரை வரியும் அத்தகையதே. சொன்னவருக்கு ஆபத்தில்லை, கேட்டவருக்கு மறுமொழி இல்லை. மறுமொழி சொல்ல இயலாத வசை, தண்டனையாகிவிடுகிறது.

இதை அடிப்படையாக வைத்து விதிகளை எழுதினோம். ஒவ்வொருவரும் தம்மைப் பற்றித் தாமே இரண்டு பட்டியல் எழுதினோம். திறந்த பட்டியலில் இருபது செய்திகள்: கஞ்சத்தனம், குறட்டை, ஆயத்தமில்லாமல் எடுத்த பாடங்கள் முதலியன. மூடிய பட்டியலில் மூன்று. அம்மூன்றையும் தொடலாகாது, காரணமும் கேட்கலாகாது. தாக்குவதற்குரியவை ஒருவர் தாமே தேர்ந்துகொண்டவையாக இருக்க வேண்டும், நேர்ந்துவிட்டவை ஆகா. வரிகள் அனைத்தும் சொந்தமாக எழுதியவையாக இருக்க வேண்டும். 2013இல் லாஸ் ஏஞ்சலிஸின் காமெடி ஸ்டோர் அரங்கில் தொடங்கிய ரோஸ்ட் பேட்டிலுக்கும் இவ்விதி உண்டு. கைகலப்புக் கூடாது, முடிவில் இருவரும் தழுவிக்கொள்ள வேண்டும் என்பவை அங்குள்ள மற்ற இரு விதிகள். அவற்றையும் எடுத்துக்கொண்டோம்.

சுற்றுகள் மூன்று. முதற்சுற்று தாக்கு: ஆளுக்கு இரண்டு நிமிடம், நான்கு வரிகளுக்கு மேல் இல்லை. முதலில் பேசுபவரைக் காசு சுண்டித் தீர்மானிப்பது. அடுத்த சுற்றில் முறை மாறும். இரண்டாம் சுற்று மறுப்பு. இதற்கு வழிகாட்டியது எங்கள் டெல்டாவின் லாவணி. காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரவெல்லாம் பாடுவார்களே, அங்கே எதிராளியின் கேள்விக்கு விடை சொன்ன பிறகே தன் கேள்வியைத் தொடுக்க வேண்டும். நாங்கள் இன்னும் சற்று இறுக்கினோம்: எதிராளியின் வரியிலிருந்து ஒரு சொல்லையேனும் எடுத்தாண்டு பதில் சொல்ல வேண்டும். எழுதிவைத்த வசையை மறுப்பு என்ற பெயரில் ஒப்பிக்க இவ்விதி இடங்கொடாது.

விழாவில் நடந்த ஒன்றையே காட்டலாம். தமிழாசிரியர் தொடுத்தது: “இவர் கடைக்கு வருவது வரவு, காசு கொடுப்பது செலவு. பதினெட்டு ஆண்டுக் கணக்கில் வரவு மட்டுமே பதிவாகியிருக்கிறது.” வணிகவியலாசிரியர் விடுத்தது: “உண்மை. ஆனால் ஒவ்வொரு தேநீரோடும் இவருடைய கவிதையை அரைமணி நேரம் கேட்டேனே, அந்தச் செலவை எந்தப் பேரேட்டில் எழுதுவது?” முதல் வரியை மறுக்காமல் ஒப்புக்கொண்டதும், ‘செலவு’ என்ற சொல்லைக் கைமாற்றிக்கொண்டதும் இந்த மறுப்பின் வலிமை. பொய் என்று மறுத்திருந்தால் அவை சிரித்திராது.

மூன்றாம் சுற்றுக்கு மாதிரி நாகைக் காத்தான் சத்திரப் பாட்டு. அரிசி வருவது அந்தி நேரம், சோறு ஆவதற்குள் ஊர் உறங்கிவிடும், ஓரகப்பை இலையில் விழும்போது வெள்ளி எழும் என்று காளமேகம் வைத பாட்டுக்கே, மூட்டை மூட்டையாய் அரிசி வரும், ஊரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மை கண்டு வெள்ளியும் நாணும் என்று புகழாகவும் பொருள் சொல்வதுண்டு. அதுபோல் ஒரே வரி வசையாகத் தொடங்கிப் புகழாக முடிய வேண்டும் என்று வகுத்தோம். “இவரிடம் கடன் கேட்டு வாங்கியவர் ஊரில் ஒருவருமில்லை” என்றார் ஒருவர். அவை சிரித்து ஓய்ந்ததும், “கேட்கும் முன்பே கொடுத்துவிடுவார்” என்று முடித்தார். இச்சுற்றுக்கு வரி எழுதத்தான் மிகுந்த நாளாயிற்று. வைய நூறு காரணம் உடனே கிடைத்தன. புகழுக்கு உண்மையான ஒன்று வேண்டியிருந்தது.

நடுவர் மூவர், எங்கள் இரு துறையையும் சேராதவர்கள். கைதட்டலைக் கணக்கில் கொள்ளவில்லை. வணிகவியல் மாணவர் எண்ணிக்கை அதிகம். வரம்பு மீறல் நிகழ்ந்ததா என்பதை அவர்கள் அறிய ஓர் அடையாளம் சொல்லியிருந்தோம். நல்ல வரிக்கு அவை உடனே சிரிக்கும். கெட்ட வரிக்கு முதலில் வாங்கியவரின் முகத்தைப் பார்க்கும், பிறகே சிரிக்கும். அந்த ஒரு நொடித் தயக்கம் தெரிந்தால் மணியடிக்க வேண்டும். வரியைச் சொன்னவருக்கு அச்சுற்று இல்லை. மணி ஒருமுறை அடிக்கப்பட்டது, மாமியார் வீட்டைப் பற்றிய ஒரு வரிக்கு. அடித்தது நியாயம்தான், மாமியார் மேடையில் இல்லை, மறுமொழி சொல்ல.

வென்றவர் யார் என்பது இரண்டு நாளில் மாணவர்களுக்கே மறந்துபோயிற்று. மூடிய பட்டியல் தாள்கள் இரண்டும் எங்கள் சட்டைப் பைகளில் மடித்தபடி இருந்தன. விழாவுக்கு மறுநாள் கடையில், அவற்றைக் கிழித்துவிடலாமே என்றார் ஒருவர். இருக்கட்டும் என்றார் மற்றவர். இன்னும் இருக்கின்றன.