செய்பவர் இல்லாத வாக்கியம்

கூட்டக் குறிப்பு எழுதுவோர் பெரிதும் விரும்பும் வாக்கியம் ஒன்றுண்டு. "இதுகுறித்து விரைவில் ஆவன செய்யப்படும் என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்பதே அது. இலக்கணப் பிழை அதில் இல்லை. ஓசையும் நன்றாகவே இருக்கிறது. ஆயினும், யார் செய்வார், எதைச் செய்வார், எந்நாளுக்குள் செய்வார் என்னும் மூன்று வினாக்களுள் ஒன்றுக்கேனும் அதில் விடையில்லை.

ஜெலாப்பாங்கில் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் குறிப்பேட்டில் இவ்வாக்கியம் ஒரே பொருள்பற்றி மூன்று கூட்டங்களில் இடம்பெற்றிருந்தது. பின்வரிசை வீடுகளை ஒட்டி ஓடும் கால்வாய் மண்ணும் குப்பையும் சேர்ந்து அடைபட்டுக் கிடந்தது. மாலையில் பெருமழை கொட்டினால், கடைசி வீட்டு மூதாட்டியின் சமையலறைக்குள் நீர் புகுந்துவிடும். நான்காம் கூட்டத்திற்கு அவரே வந்தார். பழைய குறிப்பு வாசிக்கப்பட்டதும், "எல்லாம் சரிங்க ஐயா, யார் செய்யப் போறாங்கன்னு அதுல இல்லையே?" என்று கேட்டார். செயலவையினர் எண்மரும் ஒருவரையொருவர் பார்த்தனர். மற்றவர் செய்வார் என்றே ஒவ்வொருவரும் எண்ணியிருந்தனர். குறிப்பெழுதும் பணி அன்று என்னிடம் வந்தது.

தமிழாசிரியர்கள் இங்கே சற்று நின்று நோக்கவேண்டும். செயப்பாட்டுவினை செய்பவரைச் சொல்லாமலே நிறைவு பெற்றுவிடுகிறது. "கடிதம் அனுப்பப்படும்" என்றால், அனுப்புவார் யாரென்று கேட்கத் தோன்றுவதில்லை. "அனுப்புவார்" என்று எழுதினாலோ, வினைமுற்றின் விகுதியே எழுவாயைத் தேடுகிறது. "யார்?" என்ற வினா எழுதுபவர் மனத்தில் உடனே எழுகிறது. கூட்டம் முடியுமுன்னரே அதற்கு விடை பெற்றாக வேண்டும். ஆகவே, நடந்ததைக் கூறுமிடத்தில் செயப்பாட்டுவினை இருக்கலாம். இனி நடக்கவேண்டியதைக் கூறுமிடத்தில் செய்வினையே வேண்டும்.

அன்றைய முடிவு இவ்வாறு எழுதப்பட்டது:

"தீர்மானம் 4: பின்வரிசைக் கால்வாயைத் தூர்வாருமாறு ஈப்போ மாநகர் மன்றத்துக்கு எழுதுவது. செயலாளர் கடிதத்தையும் நிழற்படங்களையும் மார்ச் 15-ஆம் நாளுக்குள் மன்ற அலுவலகத்தில் ஒப்படைத்து, பெறுகை முத்திரையிட்ட படியைக் கோப்பில் சேர்ப்பார். ஏப்ரல் 5-ஆம் நாள்வரை பதில் வராவிடில், துணைத்தலைவர் அன்றிலிருந்து மூன்று நாள்களுக்குள் நேரில் சென்று விசாரித்து, ஏப்ரல் 12-ஆம் நாள் கூட்டத்தில் தெரிவிப்பார்."

இதில் கவனிக்கத்தக்கது, மாநகர் மன்றம் எவ்விடத்தும் பொறுப்பாளராகக் காட்டப்படாமையே. "மன்றம் கால்வாயைத் தூர்வாரும்" என்று நாம் தீர்மானித்தால், அது மன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நம் கையில் உள்ள செயலை மட்டுமே நம்மவர் ஒருவரிடம் ஒப்படைக்க இயலும். அந்த ஒருவரும் கூட்டத்தில் இருந்து ஒப்புக்கொண்டவராக இருத்தல் வேண்டும். வராதவர் தலையில் பணியைச் சுமத்தினால், குறிப்பு தம் கைக்கு வரும்வரை அவர் அதனை அறியார். "செயலவை பொறுப்பு" என்பதும் ஒருவரும் பொறுப்பல்லர் என்பதற்கு வேறு பெயரே.

பள்ளிக் கூட்டங்களில் பழகியவர்கள், மலாய்க் குறிப்புகளின் வலப்புறத்தில் 'திண்டாக்கான்' என்றும் 'மக்லுமான்' என்றும் எழுதுவதை அறிவர். முன்னது செயற்படவேண்டியது, பின்னது அறிந்துகொண்டால் போதுமானது. எவரேனும் முன்மொழிந்து, முடிவெடுக்காமல் விடப்பட்ட கருத்துக்கு முன்னதை இடுதல் தவறு. "கால்வாய்க்கு மூடி போடலாம்" என்று அன்று ஒருவர் கூறினார். அது பேச்சாகவே பதிவாயிற்று, தீர்மானமாகவில்லை.

காலக்கெடுவிலும் ஒரு நுட்பமுண்டு. "அடுத்த வாரம்" என்பது படிக்கும் நாளுக்கேற்ப மாறும். "இரு வாரத்திற்குள்" என்றால் எந்நாளிலிருந்து என்ற ஐயம் எழும். சங்கங்கள் சட்டம், 1966, ஆண்டறிக்கையை ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தபின் 60 நாள்களுக்குள் பதிவதிகாரிக்கு அனுப்பச் சொல்கிறது. எங்கிருந்து எண்ணுவது என்பதை அது விடாமல் சொல்வதைக் காண்க. நாமோ தேதியையே எழுதிவிடுவது எளிது. பணி முடிந்ததற்கு அடையாளம் எதுவென்றும் சேர்த்தெழுதவேண்டும். "கடிதம் கொடுத்தாயிற்று" என்ற சொல்லைவிட, முத்திரையிட்ட படி உறுதியானது.

ஒவ்வொரு பொருளும் முடிந்தவுடன், எழுதியதைத் தலைவர் உரக்க வாசிக்கக் கேட்பது நன்று. மறுப்பிருந்தால் அங்கேயே வெளிப்படும். அடுத்த கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழியக் குறிப்பு உறுதிசெய்யப்படும். அவ்வுறுதி, எழுதியது நடந்ததற்கு ஒத்திருக்கிறது என்பதற்கே. முடிவு சரியானது என்பதற்கன்று. தேதி நீட்டிக்கப்பட்டால் பழைய ஏட்டைத் திருத்தலாகாது. புதிய கூட்டத்தின் குறிப்பில், "மார்ச் 15 என்றிருந்தது, இக்காரணத்தால் மார்ச் 29 ஆயிற்று" என்று எழுதவேண்டும். பழைய தேதியை அழித்துவிட்டால், தாமதம் நேர்ந்ததும் அதன் காரணமும் ஏட்டிலிருந்து மறைந்துபோகும்.