பிளக்கரும் போர்த் தண்ணீரும்

அரியலூர்ப் பக்கம் குடத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்க்காத வீடு குறைவு. சிமெண்ட் ஆலைகள் தோண்டியெடுக்கும் அதே சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டுதான் எங்கள் போர்த் தண்ணீரும் மேலே வருகிறது. புருவம் எடுக்கும் பிளக்கரை அதில் கழுவி ஈரத்தோடு டப்பாவில் போட்டால், நீர் காய்ந்து முனையில் உப்பு நிற்கும். பிறகு அது முடியைப் பிடிக்காது, வழுக்கும். இல்லையென்றால் பாதியில் அறுத்துவிடும், வேர் உள்ளேயே தங்கிவிடும்.

வாங்கும்போதே பிளக்கரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். இரு முனைகளும் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் நடுப்பகுதி ஒட்டி முனை விரிகிறதா? அது வேண்டாம். என் அத்தை முள்வாங்கியை இப்படித்தான் பார்த்து வாங்குவார். கருவேல முள்ளை எடுக்கிறவருக்குத் தெரியாத சோதனையா? புருவத்துக்குச் சாய்வான முனை நல்லது. ஊசி முனை தோலைக் குத்தும்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் சோப்பு போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். பிசுக்கின் மேல் ஸ்பிரிட் ஊற்றினால் அடியில் இருக்கும் கிருமிக்கு அது போய்ச் சேராது. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. குடிநீர் போதும். நன்றாகத் துடைத்த பிறகு, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துத் தானாகக் காயவிடுங்கள். 99 சதவீதம் இன்னும் நல்லது என்று தோன்றும். ஆனால் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். கிருமியைக் கொல்ல 70 சதவீதத்தில் கலந்திருக்கும் தண்ணீரும் வேண்டும்.

இமை முடியை வளைக்கும் கர்லரில் கவனிக்க வேண்டியது ரப்பர் பட்டை. மஸ்காரா போடுவதற்கு முன்புதான் கர்லரைப் பிடிக்க வேண்டும். பழைய மை பட்டையில் ஒட்டியிருந்தால், கர்லரைத் திறக்கும்போது இமை முடியும் சேர்ந்து பிய்ந்து வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் பட்டையைத் துடைக்க வேண்டும். நடுவில் கோடுபோல் பள்ளம் விழுந்ததும் மாற்றிவிட வேண்டும். பள்ளம் விழுந்த பட்டையில் முடி வளையாது, மடங்கி ஒடியும். கர்லரை ஸ்பிரிட்டில் ஊறப்போடக் கூடாது, ரப்பர் இறுகிவிடும்.

மெட்ராஸ் ஐ பரவும் நாட்களில் மட்டும் ஸ்பிரிட்டை நம்ப முடியாது. பெரும்பாலும் அதற்குக் காரணம் அடினோவைரஸ். கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அதை எளிதில் அழிக்காது. உலர்ந்த பரப்பிலும் அது நாள்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். முழுதும் எஃகான பிளக்கரைப் பத்து நிமிடம் கொதிநீரில் போடலாம். கர்லரின் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, கண் தெளிந்த பிறகு புதுப்பட்டை போட வேண்டும். கல்யாண வீட்டில் அலங்கார அறையில் ஒரே கர்லர் கைமாறிப் போகும்போது, மணப்பெண்ணின் சித்தியே கேட்டாலும் நான் என்னுடையதைக் கொடுப்பதில்லை.