கூகுளில் கிடைத்த வாழை இலை

கோவையில் வக்கீலாக இருக்கும் எனக்கு வரும் பதிப்புரிமை விவகாரங்களில் பெரும்பாலானவை சினிமாவைப் பற்றியவையோ புத்தகத்தைப் பற்றியவையோ அல்ல. ஒரு கடை விளம்பரத்தில் போட்ட ஒரே ஒரு படத்தைப் பற்றியவை. பேக்கரி, கேட்டரிங், டியூஷன் சென்டர், பியூட்டி பார்லர் என்று கடை மாறுமே தவிர, உரிமையாளர் உட்கார்ந்ததும் சொல்லும் வாக்கியம் மாறாது: “சார், அது கூகுள்ல சும்மா கிடந்த படம்ங்க.”

சும்மா கிடந்தது என்பது உண்மைதான். ஆனால் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படம் எடுத்த அந்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, ஓரத்தில் பெயர் போட வேண்டியதில்லை, வாட்டர்மார்க்கும் வேண்டியதில்லை. எடுத்தவரின் ஆயுளுக்கும் அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை இருக்கும். படத்தை இடவலமாகத் திருப்பினாலும், மேலே கடை லோகோவை ஒட்டினாலும், கீழே “நன்றி: இணையம்” என்று போட்டாலும் அது அனுமதி ஆகாது. சொந்தப் படிப்புக்கும் விமர்சனத்துக்கும் செய்திக்கும் சட்டம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. கடை விளம்பரம் அதற்குள் வராது. இதையெல்லாம் பலர் பல முறை சொல்லியாயிற்று. நான் சொல்ல வருவது வேறு. நோட்டீஸ் வந்த பிறகு ஒரு கடைக்காரரின் நிலையைத் தீர்மானிப்பது படம் எங்கே கிடைத்தது என்பதைவிட, நோட்டீஸ் வந்த தேதிக்கு முன் என்ன செய்தார், பின் என்ன செய்தார் என்பதுதான்.

ஒரு விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். நண்பர் சின்ன அளவில் கேட்டரிங் நடத்துபவர். ஆடி கழிந்து முகூர்த்த சீசன் தொடங்கும்போது, டிசைனர் தம்பியிடம் சொல்லி ஒரு விளம்பரம் செய்தார். நடுவில் தலைவாழை இலைச் சாப்பாடு, மேலிருந்து எடுத்த அருமையான படம். 2,000 பிட் நோட்டீஸ், ஒரு ஃப்ளெக்ஸ், இன்ஸ்டாகிராமில் காசு கட்டி ஓட்டிய விளம்பரம். நாலு மாதம் கழித்து, பெங்களூரில் இருக்கும் ஒரு புகைப்படக் கலைஞர் சார்பில் வக்கீல் நோட்டீஸ் மின்னஞ்சலில் வந்தது. 15 நாளுக்குள் 90,000 ரூபாய் கொடு, இல்லையேல் சிவில், கிரிமினல் இரண்டும் என்று இருந்தது.

அவர் பதறிப்போய் முதலில் செய்ய நினைத்தது, இன்ஸ்டாகிராம் கணக்கையே அழிப்பது. நல்லவேளையாக அழிப்பதற்குள் போன் செய்தார். எடுக்கத்தான் வேண்டும், அன்றைக்கே எடுக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் பதிவுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். விளம்பரம் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நின்றது, எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு கட்டணம், பிரஸ் பில், டிசைனர் பில், டிசைனர் படம் அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடல் என எல்லாவற்றின் நகலும் வேண்டும். எதிராளியிடம் ஸ்கிரீன்ஷாட் எப்படியும் இருக்கும். நம்மிடம் ஒன்றும் இல்லாமல் போனால், நாலு மாதம் ஓடிய விளம்பரத்தை அவர்கள் இரண்டு வருடம் என்று சொன்னாலும் மறுக்க வழியில்லை.

அடுத்து, கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். “உங்கள் விளம்பரத்தில் எங்கள் படம், ஆதாரம் இந்த லிங்கில்” என்று வரும் மின்னஞ்சல்களில் கணினியைக் கெடுக்கும் மோசடிகளும் உண்டு. லிங்கைத் தொடாமல், அனுப்பிய வக்கீலின் அலுவலகத்தைத் தனியாகத் தேடிப் பேச வேண்டும். உண்மையான நோட்டீஸ் என்றால் மூலப் படமும், நம் விளம்பரத்தின் நகலும், அது இருந்த முகவரியும் தேதியும் அதிலேயே இருக்கும். அதோடு நான் நிற்பதில்லை. கேமராவில் பதிவான முழு அளவுக் கோப்பு, அதே இலையை அதே நேரத்தில் எடுத்த முன்பின் படங்கள் ஆகியவற்றைக் கேட்பேன். இணையத்திலிருந்து இறக்கியவரிடம் ஒரு படம்தான் இருக்கும். எடுத்தவரிடம் வரிசையே இருக்கும். ஏஜென்சி கேட்டால், கலைஞர் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். இந்த விவகாரத்தில் அந்தக் கலைஞர் ஏழு படங்களை அனுப்பினார். ஒன்றில் ரசம் இன்னும் ஊற்றப்படவில்லை, ஒன்றில் யாரோ ஒருவரின் கை அப்பளம் வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் உரிமையைப் பற்றி வாதாட ஒன்றும் இல்லை.

இப்போது தேதிக்கு வருகிறேன். சட்டத்தின் 55-ஆவது பிரிவு சிவில் நிவாரணத்தைச் சொல்கிறது: தடை உத்தரவு, நஷ்ட ஈடு, லாபக் கணக்கு. அதில் கடைக்காரருக்கு ஒரு சின்ன ஆதரவு இருக்கிறது. மீறிய நாளில், அந்தப் படத்துக்குப் பதிப்புரிமை இருப்பது தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று அவர் நிரூபித்தால், நஷ்ட ஈடு கிடையாது. தடை உத்தரவும் லாபத்தில் கோர்ட் நியாயம் என்று கருதும் பங்கும்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் “படம் யாருடையது என்று தெரியாது” என்பதும் “படத்துக்கு உரிமையே இருக்கும் என்று தெரியாது” என்பதும் ஒன்றல்ல. தொழிலுக்காக அழகாக எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பார்த்து, இதற்கு உரிமையாளரே இருக்க மாட்டார் என்று நினைத்தேன் என்று சாட்சிக் கூண்டில் சொல்வது கடினம். ஆகவே இந்த வாதத்தை நான் பதிலில் ஒரு வரியாக வைப்பேன், அதை நம்பி யாரையும் வழக்குக்குப் போகச் சொல்ல மாட்டேன்.

கிரிமினல் பக்கத்தில்தான் தேதியின் கனம் தெரியும். 63-ஆவது பிரிவு, தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. தனிச் சிறப்பான காரணம் இருந்தால் கோர்ட் இதற்குக் கீழேயும் போகலாம், ஆனால் தொழில் லாபத்துக்காகச் செய்யாதவருக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. விளம்பரம் செய்தவர் அதைக் கேட்க முடியாது. போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் இது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் வாசல் “தெரிந்தே” என்ற ஒரு நிபந்தனைதான். நோட்டீஸுக்கு முன் தெரியாது என்று ஒருவர் உண்மையாகச் சொல்லலாம். நோட்டீஸ் கையில் வந்த பிறகு அந்த வாய் அடைபடுகிறது.

நண்பர் இன்ஸ்டாகிராமில் எடுத்துவிட்டார், ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார், மிச்சமிருந்த பிட் நோட்டீஸ்களைக் கட்டி என் ஆபீஸுக்கே கொண்டுவந்துவிட்டார். “எல்லாம் எடுத்தாச்சுங்க சார்” என்றார். பதில் நோட்டீஸில் ‘முழுவதும் நீக்கப்பட்டது’ என்று எழுதும் முன், எங்கெல்லாம் படம் போயிருக்கும் என்று உட்கார்ந்து யோசிக்கச் சொன்னேன். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் இருந்தது. கூகுள் மேப்பில் கடையின் படமாக இருந்தது. மண்டபக்காரர் தன் பக்கத்தில் பகிர்ந்திருந்தார். கடைசியில் நினைவுக்கு வந்தது சாப்பாடு ஏற்றிச் செல்லும் வேன். பக்கவாட்டில் ஆறடி நீளத்துக்கு அந்த இலை ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே ஸ்டிக்கரைக் கிழித்து, கிழித்ததைத் தேதியோடு படம் எடுத்து வைத்தோம். எடுத்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேன் ஓடியிருந்தால், அதுவே எதிராளியின் முதல் ஆவணமாகியிருக்கும்.

பிறகு தொகை. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை என்று ஒரு வரம்பு உண்டு. நம் ஊருக்கு வரும் சில நோட்டீஸ்களிலும் அந்த எண்ணைச் செருகுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி எழுதிவைத்த நஷ்ட ஈட்டுத் தொகை இல்லை. நான் தொடங்கும் இடம், முறையாகக் கேட்டிருந்தால் இந்தப் படத்துக்கு என்ன வாங்கியிருப்பார் என்பது. கலைஞரிடம் அவர் மற்றவர்களுக்குப் போட்ட பில்களைக் கேட்டோம். உள்ளூர் விளம்பரத்துக்கு ஓராண்டு உரிமை 12,000 ரூபாய் என்று இரண்டு பில்கள் வந்தன. அனுமதி கேட்காததற்கும் வக்கீல் செலவுக்கும் சேர்த்து 25,000-இல் முடிந்தது. இன்னும் குறைத்திருக்கலாம் என்று நண்பருக்கு ஆதங்கம். ஆனால் உரிமையாளர் தான் வசிக்கும் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட சட்டம் இடம் தருகிறது. பெங்களூருக்கு இரண்டு வாய்தா போய்வந்தாலே மிச்சம் பிடித்தது போய்விடும்.

காசைவிட உடன்பாட்டுக் கடிதத்தில்தான் கவனம் வேண்டும். இதுவரை எல்லா வடிவிலும் நடந்த பயன்பாட்டுக்கும் கோரிக்கை தீர்ந்தது, இனி சிவிலோ கிரிமினலோ கிடையாது, கையில் இருந்து வெளியே போய்விட்ட பிட் நோட்டீஸ்களும் அடுத்தவர் பகிர்ந்தவையும் இதில் அடங்கும், இது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று எழுதி உரிமையாளரே கையெழுத்திட வேண்டும். பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். காசு கொடுத்தாயிற்றே, இனி அந்தப் படத்தைப் பயன்படுத்தலாம் என்று நினைக்கக் கூடாது. கடிதத்தில் வருங்கால உரிமை எழுதப்படாவிட்டால் பழசு தீர்ந்தது, அவ்வளவுதான்.

டிசைனர் தம்பி என்ன ஆனார்? அவர் பில்லில் “டிசைனிங் 1,500” என்று மட்டும் இருந்தது. உரிமையாளருக்கு எதிரே, விளம்பரத்தை வெளியிட்ட கடைதான் முதலில் நிற்கும். டிசைனரிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு எழுத்து வேண்டும். “கேன்வாவில்தான் செய்தேன்” என்றார் அவர். கேன்வாவின் சொந்த நூலகத்தில் எடுத்த படமென்றால் அதன் உரிம விதிகள் காக்கும். வெளியிலிருந்து இறக்கி அதற்குள் ஏற்றிய படத்தை அவை காக்காது. இவர் ஏற்றியிருந்தார்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது, நண்பரின் சமையலறையில் தினமும் அதைவிட நல்ல இலை விழுகிறது என்பதுதான். வாழை இலையில் பதினெட்டு பதார்த்தம் வைத்து மேலிருந்து எடுக்கும் யோசனை யாருக்கும் சொந்தமில்லை. அந்தக் குறிப்பிட்ட படம்தான் சொந்தம். அடுத்த முகூர்த்தத்தில் அவர் உள்ளூர்ப் போட்டோகிராபரை அழைத்து 4,000 ரூபாயில் தன் சாப்பாட்டையே எடுத்துக்கொண்டார். காசு கொடுத்து நம் பொருட்டு எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, காசு கொடுத்தவரே என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. போட்டோகிராபரின் பில்லில் பின்பக்கம் பொடி எழுத்தில் வேறு மாதிரி அச்சிட்டிருந்தால் அதுவே வேறு ஒப்பந்தம் ஆகலாம் என்பதால், முன்பக்கமே எழுதி வாங்கச் சொன்னேன்.

அடுத்த விளம்பரத்துக்கு டிசைனரிடம் ஆர்டர் கொடுக்கும்போது இந்த ஒரு வரியை பில்லில் எழுதி வாங்குங்கள்: “இதில் உள்ள ஒவ்வொரு படமும் எந்தத் தளத்தில், எந்தக் கணக்கில், எந்தத் தேதியில், என்ன உரிமத்தில் எடுக்கப்பட்டது என்ற விவரம் இணைக்கப்பட்டுள்ளது, உரிமைப் பிரச்சினை வந்தால் பொறுப்பு என்னுடையது.” எழுதித் தரத் தயங்கும் டிசைனரிடம் அந்தப் படத்தை வாங்காதீர்கள்.