விளக்கடியில் ஒரு கறுப்புச் சரம்

நகைக்கடைக் கூரையிலிருந்து விழும் மஞ்சள் வெளிச்சத்தில் முத்தின் நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. வெள்ளை முத்து அதில் பொன் பூசிக்கொள்ளும், சாம்பல் முத்து செம்பு காட்டும். பகல் வெளிச்சத்துக்கு நெருங்கிய வெள்ளை எல்.இ.டி. மேசை விளக்கு வேண்டும். பெட்டியில் 5000 முதல் 6500 கெல்வினுக்குள் ஓர் எண் அச்சிட்டிருந்தால் போதும். அடியில் சாதாரண வெள்ளைத் தாள். கடைக்காரர் விரிக்கும் கருநீல வெல்வெட் முத்தை அழகாக்கும், நமக்கு ஒன்றும் சொல்லாது.

உடுத்திய துணியையும் கவனிக்க வேண்டும். நல்ல முத்து பாதிக் கண்ணாடி. சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால் எந்த வெள்ளை முத்திலும் ரோஜாச் சாயல் தெரியும். அந்தச் சாயலுக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்களும் இருப்பார்கள்.

*

முத்தின் நிறம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று சங்கதி. முதலாவது அடிநிறம்: வெள்ளை, பாலாடை, பொன், சாம்பல், கறுப்பு. இது பெரும்பாலும் முத்துக்குள் இருக்கும் நிறமிகளால் வருவது. அதன்மேல் மிதப்பதுபோல் தெரியும் ரோஜா, பச்சை, நீலச் சாயல் ஓவர்டோன். பல நிறங்கள் ஒன்றாகச் சேர்ந்து, முத்தை அசைக்க அசைக்க இடம் மாறி ஓடினால் அது ஓரியன்ட். சோப்புக் குமிழியின் மேல் ஓடுமே, அந்த மாதிரி.

பின்னிரண்டும் நிறமியால் வருவதில்லை. முத்தின் உடல் அரகோனைட் என்ற சுண்ணப் படிகத்தின் மெல்லிய தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகடும் அரை மைக்ரான் அளவு கனம், ஆயிரக்கணக்கில் அடுக்கடுக்காக. ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. ஆக ஓவர்டோன் என்பது அடுக்குகளின் வேலை. அடுக்கே இல்லாத பொருளில் வெறும் சாயத்தால் அதை வரவழைக்க முடியாது.

ஓவர்டோன் இல்லாத அசல் முத்துகள் ஏராளம். ஓரியன்ட் இன்னும் அரிது. நல்ல உருண்டை முத்தில் அது அடங்கியே இருக்கும், கோணலான பரோக் முத்துகளிலும் கெஷியிலும்தான் துள்ளும். எனவே இவை தெரியவில்லை என்பதற்காக ஒரு முத்தைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

*

எங்கே பார்ப்பது? விளக்கின் பிம்பம் பளிச்சென்று விழும் புள்ளியில் விளக்கின் நிறம்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள வளையத்தைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து விளிம்பு நோக்கிக் கண்ணை நகர்த்த வேண்டும். ஒளி கூசினால் விளக்கின் முன்னால் மெல்லிய வெள்ளைத் தாளைப் பிடித்தால், கூச்சம் அடங்கிச் சாயல் மேலே வரும். பிறகு தாளை எடுத்துவிட்டு ஓரியன்ட்டைத் தேடலாம். அதற்கு நேர் ஒளியே நல்லது.

அடுத்தது உருட்டுவது. விளக்கும் தலையும் அசையாமல், முத்தை மட்டும் விரலால் மெல்ல உருட்ட வேண்டும். ஓவர்டோன் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும், முத்து அதற்கு அடியில் சுழலும். சாயத் திட்டோ முத்தோடு சேர்ந்து சுற்றும். எனக்குத் தெரிந்த கருவியில்லாச் சோதனைகளில் இதுதான் சிறந்தது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. இன்றைய போலிகளில் டைட்டானியம் ஆக்சைடு பூசிய மைக்கா தூள் கலந்த பூச்சு வருகிறது. அதுவும் ஒளியலைகளை மோதவிட்டே நிறம் காட்டுவதால் உருட்டினாலும் அசையாது. அப்போது சாயல் எவ்வளவு சீராக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பூச்சு எல்லா மணியிலும் ஒரே மாதிரி காட்டும். சிப்பி வளர்த்த முத்து உருட்ட உருட்ட ஒரு பக்கம் பச்சை கூடும், இன்னொரு பக்கம் மங்கும்.

*

இனி அந்தச் சரம். கறுப்பு, உருண்டை, எல்லாம் ஒன்பது மில்லிமீட்டர், "டஹிட்டி முத்து" என்று சொல்லப்பட்டது. (பெயர் டஹிட்டியுடையது, பண்ணைகள் பெரும்பாலும் துவமோட்டு, காம்பியே தீவுக் கூட்டங்களில்.) இந்த முத்தைத் தருவது கறுப்பு உதட்டுச் சிப்பி. மன்னார் வளைகுடாவில் நம்மவர்கள் குளித்தெடுத்தது வேறு இனம். அது தந்தது வெள்ளையும் பாலாடை நிறமும்.

சரத்தைத் தாளில் நீட்டியதும் முதல் சந்தேகம். எல்லா மணியும் ஒரே கறுப்பு. அசல் டஹிட்டிச் சரத்தை எவ்வளவு பொறுக்கிக் கோத்தாலும், ஒன்று பச்சை சாயும், அடுத்தது கத்தரிப்பூ நிறத்துக்கு இழுக்கும், இன்னொன்று வெறும் எஃகுச் சாம்பலாக நிற்கும். உண்மையில் 'கறுப்பு' முத்துகளில் பெரும்பாலானவை சாம்பல்தான்.

உருட்டினேன். லேசான நீலச் சாயல் அசையாமல் நின்றது. பல்லில் மெதுவாகத் தேய்த்தால் நறநறத்தது. கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ என்றால் வழுக்கியிருக்கும். ஆக அடுக்குகள் உண்டு, இது சிப்பியில் விளைந்ததுதான். இந்த இடத்தில்தான் பலர் திருப்தியோடு பணத்தை எடுக்கிறார்கள். பல் சொல்வது முத்தா இல்லையா என்பதை மட்டும். நிறம் யார் கொடுத்தது என்று பல்லுக்குத் தெரியாது. சாயமேற்றிய அசல் முத்தும் நறநறக்கும், ஓவர்டோனும் காட்டும். அந்த ஓவர்டோன் பொய்யும் அல்ல; பொய், அடிநிறம்.

அதனால் பத்து மடங்கு லென்ஸை எடுத்துத் துளையைப் பார்த்தேன். பூச்சுப் போலி என்றால் துளை விளிம்பில் பூச்சு உதடுபோல் தடித்தோ உரிந்தோ நிற்கும், அடியில் கண்ணாடி மின்னும். டஹிட்டி என்றால் வெளியே கருத்த அடுக்கு, உள்ளே சிப்பி ஓட்டில் கடைந்த வெள்ளைக் கரு, இரண்டுக்கும் நடுவே தெளிவான கோடு. இந்தச் சரத்தில் கருவும் இல்லை, கோடும் இல்லை. துளையின் வாயில் மட்டும் கறுப்பு கெட்டியாகத் தேங்கியிருந்தது. மேற்பரப்பின் சிறு குழிகளிலும் மயிரிழை விரிசல்களிலும் அதே மைத்தேக்கம். மணிகளை விலக்கினால், வெள்ளை நூலில் மணிக்கு மணி சாம்பல் கறை.

கருவில்லாத நன்னீர் முத்து, சாயம் போட்டது. நன்னீர்ச் சிப்பியில் வெள்ளை, பீச், இளஞ்சிவப்பு, லாவெண்டர் இயல்பாக வரும். கறுப்பு வராது. கறுப்பு நன்னீர் முத்து என்று எழுதி விற்றாலே போதும், அது சாயமேற்றியதோ கதிர்வீச்சு கொடுத்ததோதான். அப்படிச் சொல்லி, அதற்குரிய விலையில் விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

*

இன்னொரு விளக்கும் உதவும்: நீண்ட அலை புற ஊதா. இருட்டில் அதன் கீழே இயல்பான நிறமுள்ள டஹிட்டி முத்து பொதுவாக மங்கிய செம்பழுப்பாக ஒளிரும். சாயமிட்டவை பெரும்பாலும் அப்படி ஒளிர்வதில்லை.

அசிட்டோன் தோய்த்த பஞ்சால் துடைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பஞ்சில் நிறம் வந்தால் சாயம் உறுதி. வராவிட்டால் எதுவும் உறுதியில்லை, ஏனென்றால் வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்துக் கறுத்த முத்தில் பஞ்சுக்கு ஒன்றும் வராது. அங்கே நிறமாக இருப்பது முத்துக்குள் படிந்த வெள்ளி. அதை எக்ஸ்-கதிர் காட்டிக்கொடுக்கும் என்பதால், விலை பெரிதென்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிடுவது மேல். விற்பவரின் பொருளை அவர் அனுமதியில்லாமல் துடைப்பது சண்டையில்தான் முடியும்.