இன்று 578



ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சராசரிக் கணக்கு முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தக் கணக்கில் இந்த ஆகஸ்டு மாதம் நானே தவறிவிட்டேன். அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

என் கைக்கு வரும் ஓய்வூதியம் 34,200. வீட்டில் நானும் என் துணைவியாரும் மட்டும்தான். சொந்த வீடு. அப்படியிருந்தும் மாதம் இருபது தேதிக்கு மேல் கை வறண்டுவிடும். அஞ்சலகத்தில் கட்டும் மாதச் சேமிப்பை இரண்டு தடவை கட்டாமல் விட்டது தெரிந்ததும் மகள் கோபித்துக்கொண்டாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். "அப்பா, நீங்க ராத்திரி அன்னைக்குச் செலவை மட்டும் அனுப்புங்க. காலையில நான் ஒரே ஒரு நம்பர் அனுப்புறேன். அதுக்குள்ள செலவு பண்ணுங்க" என்றாள்.

ஜூன் முதல் தேதி தொடங்கினோம். சேமிப்பு, இருவருக்கும் மாத்திரை, பால், சிலிண்டர், போன், வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம், பேப்பர் எல்லாம் சேர்த்து 13,050. அதைக் கழித்தால் 21,150. மாதத்துக்கு முப்பது நாள். காலை ஆறரைக்கு வாட்ஸப்பில் வந்தது: "இன்று 705."

இந்தச் செலவுப் பணத்தை மட்டும் மொத்தமாக எடுத்து பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் டப்பாவில் இருக்க வேண்டிய பணத்தை, மாதம் முடிய மீதமுள்ள நாட்களால் வகுத்தால் அன்றைய எண். ஒரு நாள் குறைவாகச் செலவு செய்தால் மறுநாள் எண் கொஞ்சம் ஏறும். கூடுதலாகச் செய்தால் இறங்கும். அவ்வளவுதான் சூத்திரம்.

பதினேழாம் தேதி வரை 705-ஐ ஒட்டியே வந்த எண், பதினெட்டாம் தேதி காலை 562 என்று வந்தது. தப்பாக அடித்துவிட்டாள் என்று நினைத்துப் போன் செய்தேன். முந்தின நாள் கரண்ட் பில் 1,860 கட்டியிருந்தேன். எங்களுக்கு அது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவது. மாதா மாதம் வராததால் ஒதுக்கும் பட்டியலில் அவள் சேர்க்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அப்படியென்றால் அந்தப் பதினேழு நாளும் எனக்கு வந்த 705 பொய். பில் வராத மாதமாக இருந்தால் மாதம் முழுக்கவே பொய்யாக இருந்திருக்கும், நாங்களும் சந்தோஷமாகச் செலவழித்திருப்போம்.

ஜூலையில் திருத்தினோம். கரண்டுக்கு மாதம் 930. அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும் வீட்டு வரியில் ஆறில் ஒரு பங்கு, வண்டி இன்சூரன்ஸில் பன்னிரண்டில் ஒரு பங்கு. எண் 641 ஆனது. இனி சரியாக இருக்கும் என்று நினைத்த நேரத்தில் ஆனி மாதக் கடைசியில் இரண்டு கல்யாணம். தலைக்கு இரண்டாயிரம் மொய். மறுபடியும் எண் தொப்பென்று விழுந்தது.

அப்போதுதான் என் துணைவியார் வாய் திறந்தார். "ஏங்க, கரண்ட் பில்லாச்சும் கட்டலைன்னா ஃபீஸைப் பிடுங்குவான். மொய் செய்யலைன்னா ஊர்ல தலை காட்ட முடியுமா? அதை எதுக்கு எழுதாம விட்டீங்க?" உள்ளே போய் மொய் நோட்டைக் கொண்டுவந்தார். யார் நமக்குச் செய்தது எவ்வளவு, நாம் திருப்பிச் செய்தது எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. போன வருடம் நாங்கள் செய்தது மட்டும் 24,000! தேதி நம் கையில் இல்லை என்றாலும் அதுவும் கட்டியே தீர வேண்டிய பில்தானே? மாதம் இரண்டாயிரம் ஒரு கவரில் போட்டு அவரிடமே கொடுத்துவிட முடிவு செய்தோம். ஆடியில் கவர் சும்மா இருக்கும், ஆவணியில் காலியாகும். ஆகஸ்டு எண் 576.

இன்னொன்றையும் இடையில் கவனித்தேன். மாதம் மூன்றாம் தேதி 1,500-க்கு வேட்டி சட்டை எடுத்தால், மீதி 28 நாளில் பரவி எண் ஐம்பது ரூபாய் சொச்சம்தான் குறையும். வலிக்கவே வலிக்காது. அதே வேட்டியை 28-ஆம் தேதி எடுத்திருந்தால் மறுநாள் எண்ணில் 500 காணாமல் போயிருக்கும். மாத ஆரம்பத்தில் இந்த எண் நம்மை ரொம்பவும் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறது.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி நடைப்பயிற்சியின்போது பழைய சக ஆசிரியர் ஒருவர் 3,000 கைமாற்றுக் கேட்டார். ஓர் அவசரம், பத்து நாளில் தருகிறேன் என்றார். டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரவு மகளுக்கு அனுப்பும் கணக்கில் எழுதவில்லை. திரும்பி வரும் பணம்தானே, செலவு எப்படி ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், எழுதினால் "யாருக்குப்பா?" என்று கேட்பாள், வீட்டில் தெரியும் என்ற பயம்தான்.

பத்து நாள் போனது. அவர் பாதையை மாற்றிக்கொண்டார். காலையில் மட்டும் 576, 577 என்று தவறாமல் வந்துகொண்டிருந்தது. அந்த எண்ணைப் பார்க்கும்போது டப்பாவிலும் அவ்வளவு இருப்பதாகவே தோன்றியது. ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எண்ணவில்லை.

26-ஆம் தேதி காலை: "இன்று 578." ஆறு நாள் மீதி, அதாவது 3,470 இருக்க வேண்டும். டப்பாவில் இருந்தது 470.

பீரோ முன்னால் நின்றுகொண்டு மொய்க் கவரைப் பார்த்தேன். அதில் இருந்தது 30-ஆம் தேதி துணைவியாரின் அண்ணன் பேத்தி கல்யாணத்துக்கு. எடுத்துவிட்டு அப்புறம் வைத்துவிடலாம் என்று கைகூடப் போனது. எதை வைத்து வைப்பது?

மொட்டை மாடிக்குப் போய் மகளுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, கைமாற்று கொடுத்த அன்னைக்கே செலவு. திரும்பி வந்தா, வந்த அன்னைக்கு வரவு. கம்பெனியிலயும் வசூலாகாத பாக்கியை நம்பி நாங்க சம்பளம் போட முடியாதுப்பா" என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது. ஒன்பது மணிக்குத் திருத்திய செய்தி வந்தது.

"இன்று 78."

அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். துணைவியார் படித்தார். யாருக்கு என்று கேட்டார், சொன்னேன். "அவர் வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியில இருந்தது எனக்கு முன்னாலயே தெரியும். எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னையிலிருந்தே சுருக்கியிருப்பேன்ல?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பதாம் தேதியே எழுதியிருந்தால் எண் 440 ஆகியிருக்கும். நாள் ஒன்றுக்கு 136 குறைவு, 22 நாள். பழமும் டீக்கடையும் குறைந்திருக்கும். மறைத்ததால் அது முழுவதும் கடைசி ஆறு நாளின் தலையில் விழுந்தது.

அந்த ஆறு நாளும் கொல்லை முருங்கைக் கீரை, ரேஷன் பருப்பு, ரசம், அப்பளம். வண்டியை எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போய், கவரில் இருந்த மொய்யை முறையாக எழுதிவிட்டு வந்தோம். 31-ஆம் தேதி இரவு டப்பாவில் 14 ரூபாய்.

நண்பர் செப்டம்பரில் ஆயிரம் ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் காலை எண் கொஞ்சம் ஏறி வந்தது. மீதி இரண்டாயிரத்தை நான் கேட்கவில்லை, அவரும் மறுபடி என்னோடுதான் நடக்கிறார்.

இப்போது இரவில் டப்பாவை எண்ணி மகளுக்குக் கணக்கு அனுப்புவது என் துணைவியார். காலைச் செய்தியும் அவர் போனுக்குத்தான் வருகிறது. காபி கொண்டுவந்து வைக்கும்போது எனக்கு வாயால் சொல்வார்.