நூன் ஸாகின் அட்டவணையும் நிறம் பிரித்தறியாக் கண்களும்

எமது மக்தபின் சுவரில் தொங்கிய தஜ்வீத் அட்டவணை கடையில் வாங்கியது. நூன் ஸாகினுக்குரிய நான்கு சட்டங்களும் அதில் நிறங்களாலேயே பிரிக்கப்பட்டிருந்தன. இள்ஹாரின் 6 எழுத்துகள் சிவப்பு, இத்ஙாமின் 6 பச்சை, இக்லாபின் ஒரே எழுத்தான பே பழுப்பு, இக்ஃபாவின் 15 எழுத்துகள் செம்மஞ்சள். எந்த நிறம் எந்தச் சட்டம் என்ற விளக்கம் கீழ் மூலையில் சிறு கட்டங்களாக இருந்தது.

ஒன்பது வயது மாணவர் ஒருவர் இத்ஙாமின் எழுத்துகளை மனப்பாடமாக வரிசை பிசகாமல் சொல்வார். சுவரைக் காட்டி, "இது எந்தச் சட்டம்?" என்று கேட்டால் மட்டும் தடுமாறுவார். கவனமில்லை என்று உஸ்தாதிடம் பலமுறை கண்டிப்பும் பெற்றார். அவருடைய பிழைகளைக் குறித்து வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை புலப்பட்டது. அவர் சிவப்பை எப்போதும் பச்சையோடும் பழுப்போடும்தான் மாற்றினார். பாடம் வராத பிள்ளையின் பிழைக்கு இத்தகைய ஒழுங்கு இராது. வீட்டில் விசாரித்ததில், அவருடைய தாய்மாமாவுக்கும் பழுத்த மிளகாயைக் காயிலிருந்து பிரித்தறிவது கடினம் என்று தெரிந்தது. சிவப்பு–பச்சைக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அதன் பாதிப்பின்றியே தாய் அதைச் சுமந்து மகனுக்கு அளிக்க இயலும். ஆண்களிடம் இது மிகுதியாகவும் பெண்களிடம் அரிதாகவும் காணப்படுவது இதனால்தான். முறைப்படி உறுதி செய்வது கண் மருத்துவரின் இஷிஹாரா தகடுகள். நாம் செய்ய வேண்டியிருந்தது அட்டவணையைத் திருத்துவது.

திருத்துவதற்கான வழி முஸ்ஹஃபிலேயே இருந்தது. மதீனா அச்சு முஸ்ஹஃபில் இள்ஹார் வருமிடத்தில் நூனின் மேல் ஸுகூன் குறி இருக்கும். இக்லாபில் அக்குறிக்குப் பதிலாகச் சிறு மீம் நிற்கும். முழு இத்ஙாமில் நூன் குறியின்றி நிற்க, அடுத்த எழுத்து ஷத்தா பெறும். இக்ஃபாவிலும் முழுமையற்ற இத்ஙாமிலும் இரண்டுமே இரா. ஒரே கறுப்பு மையில் இவை யாவும் விளங்குகின்றன. தொடக்க கால முஸ்ஹஃப்களில் உயிர்க்குறிகள் சிவப்பு மையில் புள்ளிகளாக இடப்பட்டன. ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் அறிஞர் கலீல் இப்னு அஹ்மத் அப்புள்ளிகளுக்குப் பதிலாக எழுத்துகளிலிருந்து பிறந்த சிறு வடிவங்களை வகுத்தார் என்பது மரபு. நிறத்திலிருந்து வடிவத்துக்கு நம் முன்னோர் என்றோ நகர்ந்துவிட்டனர்.

புதிய அட்டவணையில் எழுத்துகள் அனைத்தையும் வெள்ளைத் தாளில் கறுப்பாகவே எழுதினோம். ஒவ்வொரு குழுவையும் தனிக் கட்டத்தில் அடைத்து, சட்டத்தின் பெயரைக் கட்டத்தின் தலையிலேயே இட்டோம். மூலையிலிருக்கும் விளக்கத்துக்கும் எழுத்துக்கும் இடையே கண் ஓட வேண்டியிருந்தால், நிறத்தை நினைவில் சுமப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சுமையே முதலில் நீங்க வேண்டும். பின்னர் கட்டங்களின் விளிம்பை வேறுபடுத்தினோம்: இள்ஹாருக்குத் தடித்த ஒற்றைக்கோடு, இத்ஙாமுக்கு இரட்டைக்கோடு, இக்லாபுக்கு நெளிகோடு, இக்ஃபாவுக்கு விட்டுவிட்டு வரும் கோடு.

கட்டத்தின் உட்புறத்தை நிரப்ப முதலில் புள்ளி வடிவம் யோசிக்கப்பட்டது. அரபு எழுத்துக்கு அது ஆகாது. பே, தே, ஸே மூன்றையும் பிரிப்பது புள்ளிகளே. பின்னணிப் புள்ளி எழுத்தின் புள்ளியோடு கலந்தால் நல்ல கண்ணும் தவறிவிடும். ஆகவே கோலங்கள் விளிம்போடு நின்றன. நிறத்தையும் விலக்கவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். கருநீலத்தையும் வெளிர் செம்மஞ்சளையும் தலைப்புப் பட்டையில் மட்டும் தீட்டினோம். சாயலாலும் வெளிச்சத்தாலும் விலகி நிற்கும் இணை அது. நீலத்தின் மேல் வெள்ளையிலும் செம்மஞ்சளின் மேல் கறுப்பிலும் பெயரை எழுதினோம்.

சோதனை எளிது. அட்டவணையைக் கைப்பேசியில் படமெடுத்து, நிறச்செறிவைச் சுழியமாக்க வேண்டும். பழைய அட்டவணை அவ்வாறு பார்க்கையில் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிட்டது. புதியதில் நான்கு கட்டங்களும் தெளிவாக நின்றன. ஆயினும் இச்சோதனைக்கு ஓர் எல்லையுண்டு. சிவப்பை உணரும் கூம்பு செல்கள் குறைபட்டவருக்குச் சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரிவதைவிட மிக மங்கலாகத் தெரியும். சாம்பல் படம் இதைக் காட்டாது. பள்ளிவாசல்களில் கறுப்புப் பலகையில் சிவப்பு விளக்கெண்களால் ஜமாஅத் நேரம் காட்டுவது இவர்களுக்குப் பெருந்தொல்லை. அவ்வெண்களை வெள்ளைக்கு மாற்றுவது நலம். இகாமத் நெருங்கும்போது எண் பச்சையிலிருந்து சிவப்பாவது போதாது. "இன்னும் 5 நிமிடம்" என்று எழுத்திலும் வரவேண்டும்.

இறுதிச் சோதனையை அம்மாணவரே செய்தார். உஸ்தாத் எழுத்துகளை முன்பின்னாகத் தொட்டுக் கேட்க, அவர் 28 எழுத்துக்கும் சட்டத்தைச் சொன்னார். ஓரிடத்தில் தயங்கியது கைன் எழுத்தில். அந்தத் தயக்கம் மற்றப் பிள்ளைகளுக்கும் உண்டு. அது பாடத்தைச் சேர்ந்தது.