நாளுக்கு ஒரு பக்கம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். கல்விப் பெருமை பேசும் ஆற்றல் எமக்கில்லை. ஆயின் அண்மையில் நாம் ஏற்றுக்கொண்ட ஒரு சிறு பணியும், அதனால் நினைவுக்கு வந்த எமது பழைய பிழையொன்றும் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் பயன்படலாமெனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

வெள்ளவத்தையில் எமது இல்லத்திற்கு ஒரு மாலை முன்னாள் மாணவரொருவர் வந்தார். அவர் இப்போது காகிதாதிகள் விற்கும் நிறுவனமொன்றில் விளம்பரப் பகுதியைக் கவனிக்கின்றார். இந்நாட்டில் 1959இல் தோன்றிய சிலோன் பென்சில் கம்பனியின் 'அட்லஸ்' முதலாய பெயர்கள் தலைமுறைகளாகப் பிள்ளைகளின் கைகளிற் புழங்குவன. அத்தகைய வாணிகத்தில் ஈடுபட்ட வேறொரு நிறுவனம் அது. "சேர், விடாமுயற்சியைப் பற்றி ஏழு வசனம் வேணும். வாரத்துக்கு ஒன்றாகப் படத்தோடு வெளியிடப் போறம். சின்னதாக இருக்கவேணும், கேட்டுப் புளிச்சதாக இருக்கக்கூடாது" என்றார்.

அன்றிரவே ஏழும் எழுதி முடித்தோம். முதலாவது இது: 'இடைவிடாத முயற்சியே வெற்றியின் இரகசியம்.' மறுநாட் காலை அதனை வாசித்தபோது எமக்கே நாணம் உண்டாயிற்று. பற்பசைக்கும் அது பொருந்தும். மோட்டார் டயருக்கும் பொருந்தும். பொருளை மாற்றியும் ஒரு வாசகம் குலையாது நிற்குமாயின், அப்பொருளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்பதே கருத்து. அன்றியும் அது தமிழிற் பிறந்த வாசகமன்று. ஆங்கிலத்திற் கேட்டதைத் தமிழெழுத்தில் வைத்தோம், அவ்வளவே.

இரண்டாம் முறை, 'தினமும் சிறிது எழுது' என்றோம். இஃது எளிமையானதே, எனினும் எதை, எவ்வளவு என்று கேட்கும் சிறுவனுக்கு இதில் விடையில்லை. மூன்றாம் முறை கொப்பியும் பக்கமும் உள்ளே வந்தன: 'நாளுக்கு ஒரு பக்கம் எழுது, வகுப்பில் முதலிடம் உனக்கே.' இதை எழுதிய மாத்திரத்தே எமது கை நின்றது. அதற்குக் காரணம் உண்டு.

பல்லாண்டுகளுக்கு முன்னர், கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையிற் கற்பித்த காலத்தில், நாள்தோறும் கரும்பலகையின் மேல் ஓரத்தில் ஒரு நல்வாக்கு எழுதுவது எமது வழக்கம். ஒருநாள், 'முயன்றவன் தோற்றதில்லை' என்று எழுதினோம். சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்து சில நாட்களே கழிந்திருந்தன. கணிதத்தில் இரண்டாம் முறையும் சித்தியடையாத ஒரு மாணவன், எல்லாரும் வெளியேறிய பின்னர் எம்மிடம் வந்து, "சேர், அப்ப நான் முயற்சி செய்யேல்லையோ?" என்று கேட்டான். அவன் வீட்டில் விளக்கு நெடுநேரம் எரிந்ததை நாம் அறிவோம். மறுமொழி கூற இயலாது பலகையைத் துடைத்தோம். அவ்வாக்கு பொய்யானது மட்டுமன்று. தோற்றவன் முயலாதவன் என்று பழிக்கும் வாக்குமாயிற்று.

வள்ளுவர் இவ்விடயத்தில் எம்மினும் எவ்வளவோ எச்சரிக்கையுடையவர். ஆள்வினையுடைமை என்னும் 62ஆம் அதிகாரத்தில், முயற்சி செல்வத்தைப் பெருக்கும் என்று ஒரு குறளிற் கூறுகின்றார். நாம் கண்ட பாடசாலைச் சுவர்களில் மிகுதியும் இடம்பெற்றது அக்குறளே. அதற்குச் சற்றுப் பின்னே, ஊழ் துணைசெய்யாவிடினும் உடல் உழைத்த அளவிற்குரிய கூலி தப்பாது என்கின்றார். இங்கே அவர் வாக்களிப்பது வெற்றியையன்று, கூலியை. இவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டே வாசகத்தை நான்காம் முறை எழுதினோம்:

'நாளுக்கு ஒரு பக்கம்: 80 நாளில் ஒரு கொப்பி.'

நம் கடைகளில் 80 பக்கக் கொப்பி யாவரும் அறிந்தது. எழுதினால் அது நிறையும். இதில் ஊழுக்கும் இடமில்லை, பரீட்சகருக்கும் இடமில்லை. சிறுவன் தானே எண்ணிச் சரிபார்க்கலாம். மேலும், தமிழ் வாக்கியத்திற் பாரம் ஈற்றுச் சொல்லில் விழுவது இயல்பாதலின், 'கொப்பி' என்பதை அங்கே நிறுத்தினோம்.

ஆனால் இவ்வாசகத்திலும் ஒரு குறை மறைந்திருந்தது. பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என் செய்வது? கணக்குத் தவறியதும், 'இனி எதற்கு' என்று கொப்பியை மூடிவிடுவான். தொடர்முயற்சியைக் கெடுப்பது பெரும்பாலும் விட்ட ஒருநாளன்று. அதற்கு அடுத்த நாளே. ஆகவே தொடரின் இரண்டாம் வாசகத்தை அதற்கென்றே வைத்தோம்: 'விட்ட நாளை எண்ணாதே. இன்றைய திகதியைப் போடு.' இதனை ஈற்றில் வைத்திருந்தால், தேவைப்பட்டவனுக்குப் பிந்தியே கிடைத்திருக்கும்.

எஞ்சியவற்றை மேசைமீதிருந்த பொருள்களிடமே கேட்டுப் பெற்றோம். 'அழித்த இடத்தில் மீண்டும் எழுது, தாள் தாங்கும்.' 'கூர் மழுங்கிற்றா? எழுதியிருக்கிறாய்.' 'பென்சில் குறைந்த அளவு கை பழகிற்று.' 'இன்று அரைப் பக்கமா? அதுவும் பக்கத்திற் சேரும்.' ஏழாவதாக, 'நிறைந்த கொப்பியே முதற் பரிசு' என்று முடித்தோம்.

நிறுவனத்தாருக்கு அவை பிடித்தன. எனினும், பெரியார் ஒருவரின் பெயரை அடியில் இட்டால் மதிப்புக் கூடுமென ஒருவர் யோசனை கூறினார். அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பது பொய்யென்று மறுத்துவிட்டோம். படத்தின் முதற்படியிலோ வேறொரு பிழை நேர்ந்தது. 'கொப்பி' என்பதன் ஒற்றைக்கொம்பு, எழுத்தின் முன்னே நிற்காமற் பின்னே போய் நின்றது. தமிழெழுத்தைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் எழுத்துகளை ஒட்டினால் இவ்வாறு நேரும். ஒகர, ஓகார, எகர, ஏகார எழுத்துகளைப் பார்த்தாலே இப்பிழை புலப்பட்டுவிடும். 'திகதியைப்' என்ற சொல்லும் நடுவே முறிந்து இரண்டு வரியாயிருந்தது. சொல்லை முறிக்காது, பொருள் நிற்குமிடத்தில் வரியை மடக்குமாறு திருத்துவித்தோம்.

வெளியிடுமுன் அவற்றை ஒருவருக்குக் காட்ட விரும்பினோம். அன்று பலகையருகே நின்று கேட்ட அம்மாணவர் இப்போது கொட்டாஞ்சேனையிற் சிறு கடையொன்று நடத்துகின்றார். இரு பிள்ளைகளின் தந்தையுமாவார். தாளை வாங்கி ஆறுதலாக வாசித்தார். பின்னர்க் காதிற் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஏழாவதன்மேல் ஒரு கோடு கிழித்தார்.

"இதிலயும் பரிசு வந்திட்டுது சேர்" என்றார்.

உண்மைதான். கூலியென்று தொடங்கிய நாம், முடிக்கும்போது எம்மையறியாமலே மீண்டும் பரிசு கொடுத்திருந்தோம். வேறொன்று எழுத இரண்டு நாள் முயன்றும் சரிவரவில்லை. நிறுவனத்தாரிடம் ஆறு வாசகங்களையே ஒப்படைத்தோம்.